எல்லாம் 1 ஆன வெக்டர் என்னைக் கவிழ்த்த கதை

கேள்வி: ஒவ்வொரு நிரலின் கூடுதலும் 1 ஆக உள்ள மாறுநிலை அணிக்கு ஐகன் மதிப்பு 1 ஏன் கட்டாயம் வருகிறது? அதைவிடப் பெரியது ஏன் வருவதில்லை?

எல்லாம் 1 ஆன வெக்டரை வலப்பக்கம் வைத்துப் பெருக்கிப் பார்த்து, விடை வராமல்தான் இங்கே வந்திருப்பீர்கள். நான் வாய்மொழித் தேர்வில் அதையே பலகையில் எழுதி மாட்டிக்கொண்டவன். கொடுத்த அணி இது. வெயில் நாளுக்கு அடுத்த நாள் வெயிலடிக்க 0.9, மழை பெய்ய 0.1, மழை நாளுக்கு அடுத்து இரண்டுக்கும் 0.5.

```
P = [0.9  0.5
     0.1  0.5]
```

(1, 1) என்று பெருக்கினால் (1.4, 0.6) வந்து நின்றது. தேர்வாளர் சிரித்தார்.

அந்த வெக்டரை இடப்பக்கம் வைத்திருக்க வேண்டும். (1 1)P என்பது நிரல்களைக் கூட்டுவதுதானே, திரும்பவும் (1 1) தான் கிடைக்கும். அதாவது P-ஐ நிரை நிரல் மாற்றிய அணிக்கு 1 ஒரு ஐகன் மதிப்பு. P − λI-ஐ அப்படி மாற்றினாலும் டிடர்மினன்ட் மாறாது, எனவே P-க்கும் அதே ஐகன் மதிப்புகள். வெக்டர்தான் வேறு: இங்கே (5, 1). பெருக்கிப் பாருங்கள், அப்படியே திரும்பி வரும். நீண்ட காலத்தில் ஆறில் ஐந்து நாள் வெயில் என்று அர்த்தம்.

பெரியது ஏன் வராது? Pv = λv என்று வையுங்கள். v-யின் ஒவ்வோர் உறுப்பையும் அணி தன் நிரலின்படி பங்கு போட்டுக் கொடுக்கிறது. பங்குகள் குறையெண் இல்லை, மொத்தம் 1. எனவே உறுப்புகளின் மட்டு மதிப்புகளைக் கூட்டினால் அந்தத் தொகை பெருக வழியே இல்லை. குறி மாறிய பங்குகள் ஓரிடத்தில் சேர்ந்தால் கழிந்து குறையலாம், அவ்வளவுதான். ஆனால் λv-யில் அதே தொகை |λ| மடங்காகிறது. ஆகவே |λ| ஒன்றைத் தாண்டாது. λ கலப்பெண்ணாக இருந்தாலும் இதே கதைதான். மேலே உள்ள அணியில் (1, −1) போட்டால் (0.4, −0.4) வரும்; தொகை 2 என்பது 0.8 ஆகச் சுருங்கிவிட்டது.

பெரோன்–ஃப்ரோபீனியஸ் எங்கே என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இந்தக் கேள்விக்கு அவ்வளவு பெரிய ஆயுதம் வேண்டாம். அப்புறம், அளவு 1 உள்ள ஐகன் மதிப்பு ஒன்றே ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நிலைகள் மாறி மாறி வரும் அணிக்கு −1-உம் உண்டு.

இதே மாதிரி மூன்று நிலை அணியை வைத்து ப்ராஜெக்ட் செய்தபோது இன்னொரு அடி. மூன்று நிலைகளுக்கும் 0.33, 0.33, 0.33 என்று போட்டிருந்தேன். நிரல் கூடுதல் 0.99, பெரிய ஐகன் மதிப்பும் 0.99. 100 படிகளில் மொத்தம் 0.366 ஆகிவிட்டது. நிரல் கூடுதலை ஒருமுறை அச்சிட்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும். நானோ இரண்டு இரவு லூப்பில் பிழை தேடினேன்.

தேர்வுக்கு முன் நான் படித்த புத்தகத்தில் நிரைக் கூடுதல்தான் 1. வகுப்பில் நிரல் கூடுதல். இப்படி இரண்டு வழக்கம் உண்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. போன 2 மதிப்பெண் போனதுதான்.