ஒரு ஜாக்கெட்டின் ஒரு நாள்

"சின்ன தையல் கடை வைத்திருக்கிறேன். அளவெடுப்பதிலிருந்து டெலிவரி வரை இன்ஸ்டாகிராம் கேரசலாகப் போட என்ன படங்கள் எடுக்கலாம்?"

ஒரே ஒரு ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். நடுவில் துணி மாறினால் கதை அறுந்துவிடும். முதல் படம் அளவு நோட்டு, மேலே டேப். வாடிக்கையாளரின் பெயரையும் போன் நம்பரையும் ஒரு துண்டுத் துணியால் மறைத்துவிடுங்கள்.

அடுத்தது பலரும் விட்டுவிடுகிற படம்: காட்டன் லைனிங்கை நனைத்துக் கொடியில் காயப்போட்டிருப்பது. வெட்டும் முன்பே அது சுருங்கிவிட்டால்தான், துவைத்த பிறகு உள்துணி இழுத்து மேல்துணி சுருக்கம் விழாது. கூலி ஏன் கூடுதல் என்று கேட்பவர்களுக்கும் அதுவே பதில்.

அப்புறம் வெட்டு, தையல், கொக்கி கட்டும் விரல்கள், இஸ்திரி, கவர். எல்லாவற்றையும் நிமிர்த்தி 4:5 அளவிலேயே எடுங்கள். முதல் படத்தின் அளவுக்குத்தான் மற்றவையும் வெட்டுப்படும்.