டிஸ்சார்ஜ் மனுவில் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுபடுமா?

கேள்வி: பெங்களூரில் என் தம்பி மேல் சீட்டுப் பண மோசடி கேஸ். சார்ஜ்ஷீட் போட்டாச்சு, அவன் ஏ-3. சார்ஜ் ஃப்ரேம் ஆவதற்கு முன்னாடி டிஸ்சார்ஜ் மனு போடலாம் என்கிறார் வக்கீல். அவன் ஒரு பைசா வாங்கவில்லை என்று காட்ட பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கு. அதை வைத்தே வெளியே வந்துவிடலாமா?

பதில்:

டிஸ்சார்ஜ் என்பது விசாரணைக்கு முன்பே கேஸிலிருந்து விடுவிப்பது. அந்த ஸ்டேட்மென்ட்டை மட்டும் நம்பிப் போனால் பெரும்பாலும் வர முடியாது. மனுவே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. வேறு கோணத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். இங்கே கிரிமினல் பக்கம் பல வருடமாக டிஃபென்ஸுக்கு ஆஜராகிறேன். உங்கள் தம்பி நிலையிலேயே வந்த ஒருவரின் கேஸைச் சொன்னால் எளிதாகப் புரியும். அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம். குற்றச்சாட்டைப் பதிவு செய்யும் சார்ஜ் கட்டத்தில் கோர்ட் உங்கள் தம்பி குற்றவாளியா என்று பார்ப்பதில்லை. போலீஸ் கொடுத்த காகிதங்களை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டால்கூட, இவரை விசாரணைக்கு உட்கார வைக்க அதில் முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். தட்டில் இருப்பது போலீஸ் பரிமாறியது மட்டுமே. நம் வீட்டிலிருந்து எதையும் கொண்டுபோய் வைக்க முடியாது. ஒரிசா அரசுக்கும் தேபேந்திரநாத் பாதிக்கும் நடந்த வழக்கில் 2004ன் கடைசியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதை உறுதி செய்தார்கள். அதற்கு முன் சதீஷ் மேஹ்ரா வழக்கில், நம் தரப்பு ஆவணத்தையும் பார்க்கலாம் என்று ஒரு தீர்ப்பு இருந்தது. அது தவறு என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் ஸ்டேட்மென்ட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், 'இதை விசாரணையில் காட்டிக்கொள்ளுங்கள்' என்று அரசு வக்கீலான ஏ.பி.பி. ஒரே வரியில் ஆட்சேபணை எழுதிவிடுவார்.

சரி, என்னிடம் வந்தவர் கதை. அல்சூர் பக்கம் ஒருவர் நடத்திய ஏலச்சீட்டு. 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம். 2023 ஜனவரியில் தொடங்கி நவம்பரோடு நின்றுபோனது. 11 பேர் எடுத்துவிட்டார்கள், மிச்சம் ஒன்பது பேர். தள்ளுபடி போக அவர்கள் கட்டியது சுமார் நாலரை லட்சம். சீட்டு நடத்தியவர் ஏ-1, அவர் மனைவி ஏ-2. அவர்கள் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நம் ஆள் ஏ-3. புகார் 2024 அக்டோபரில் பதிவானது.

இந்தத் தேதிகள் முக்கியம். செயல் நடந்தது 2023ல் என்பதால் பிரிவுகள் பழைய ஐ.பி.சி.யின் 420 மோசடி, 406 நம்பிக்கைத் துரோகம், 34 கூட்டு எண்ணம். புகாரே 2024 ஜூலை 1க்கு அப்புறம் வந்ததால் நடைமுறை மட்டும் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. 'பழைய செக்‌ஷன்தானே, பழைய நடைமுறைதானே' என்று நினைத்துத் தடுமாறும் ஜூனியர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய 239வது பிரிவில் டிஸ்சார்ஜ் கேட்க நாள் கணக்கு கிடையாது. புதிய 262வது பிரிவில் உண்டு. போலீஸ் ஆவணங்களின் நகல் கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாள். செஷன்ஸ் விசாரிக்கும் வழக்கு என்றால் பிரிவு 250, அங்கே 60 நாள், மாஜிஸ்திரேட் வழக்கை செஷன்ஸுக்கு அனுப்பும் கமிட்டல் தேதியிலிருந்து ஓடும். நாள் தாண்டிவிட்டாலும் சார்ஜ் பற்றி வாய்மொழியாக வாதாடும் உரிமை போய்விடாது, ஏனென்றால் இரு தரப்பையும் கேட்ட பிறகுதான் கோர்ட் முடிவெடுக்க வேண்டும். ஆனால் தனி மனு இல்லாமல் வாதாடினால், கேட்டோம், சார்ஜ் போட்டோம் என்று முடிந்துவிடும் ஆபத்து அதிகம்.

அதனால் நகல் வாங்கும் நாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து போடாதீர்கள். சார்ஜ்ஷீட்டோடு வரும் ஆவணப் பட்டியலை வைத்துப் பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள். மகஜர் விட்டுப்போயிருக்கும், பென் டிரைவ் கொடுத்திருக்க மாட்டார்கள். விட்டுப்போனதை அன்றே கோர்ட்டில் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

அப்புறம், இங்கே சார்ஜ்ஷீட்டும் சாட்சி வாக்குமூலமும் கன்னடத்தில் இருக்கும். நம் ஆளுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்து ஒவ்வொரு வாக்குமூலத்தையும் நானே தமிழில் வாசித்துக் காட்டினேன். நான்கு மணி நேரம் ஆனது. வழக்கு திரும்பியது அந்த நான்கு மணி நேரத்தில்தான்.

ஒன்பது பேரில் ஏழு பேரின் வாக்குமூலம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. கடைசி வரி: 'ஏ-3யும் இவர்களோடு சேர்ந்து எங்களை ஏமாற்றினார்.' எப்போது, எங்கே, என்ன சொல்லி ஏமாற்றினார் என்று ஒரு வார்த்தை கிடையாது. கஷ்டமாக இருந்தது மீதி இரண்டு பேர் சொன்னது. ஏ-3 தங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதத் தவணையை ரொக்கமாக வாங்கிப்போனதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். அரசுத் தரப்பு பிடித்துத் தொங்கப்போவது இதைத்தான் என்று அப்போதே தெரிந்தது.

நம் ஆளும் உங்களைப் போலவே தன் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தார். எடுத்து ஓரமாக வையுங்கள் என்றேன். ஏனென்றால் போலீஸே ஏ-1 வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை வாங்கிச் சார்ஜ்ஷீட்டில் சேர்த்திருந்தது. சீட்டு நடந்த 11 மாதத்தில் ஏ-3க்கு அதிலிருந்து போனது மாதச் சம்பளம் மட்டும். அது போக, மகஜர் போட்டுக் கைப்பற்றிய சீட்டு நோட்டில் அந்த இரண்டு பேர் கொடுத்த ரொக்கம் அதே வாரம் அவர்கள் பெயரில் வரவு வைக்கப்பட்டிருந்தது. ரசீதில் கையெழுத்து ஏ-1 உடையது. நாங்கள் சொல்ல நினைத்த அதே விஷயம், ஆனால் அரசுத் தரப்பின் சொந்தக் காகிதத்தில். இதைக் கோர்ட் பார்க்க மாட்டேன் என்று சொல்ல முடியாது.

மனுவை அதை வைத்து எழுதினேன். 420க்கு, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். பின்னால் சீட்டு நின்றுபோனது மட்டும் போதாது. பதினோரு மாதம் ஏலம் நடந்து பதினோரு பேர் பணம் எடுத்திருப்பது சார்ஜ்ஷீட்டிலேயே இருக்கிறது. 406க்கு, பணம் நம் ஆளிடம் ஒப்படைக்கப்பட்டு அவர் அதைக் கையாடியிருக்க வேண்டும். வாங்கிய ரொக்கம் நோட்டில் ஏறியிருப்பதால் அதுவும் நிற்காது. ஒரே பணத்துக்கு ஒரே நேரத்தில் மோசடியும் நம்பிக்கைத் துரோகமும் சேர்ந்து வராது என்று டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் கண்டித்துச் சொன்னதையும் சேர்த்தேன். மிஞ்சுவது 'கூடவே இருந்தார்' என்ற சந்தேகம். பிரபுல்ல குமார் சமல் தீர்ப்பு 1978லிருந்து கோர்ட்டுகளில் ஓதப்படுவது இதற்காகத்தான்: வெறும் சந்தேகம் வேறு, பலமான சந்தேகம் வேறு. முதலாவது மட்டும் இருந்தால் விடுவிக்கலாம்.

மாஜிஸ்திரேட் மனுவைத் தள்ளினார். உத்தரவு ஒரு பக்கம்கூட இல்லை. சாட்சிகள் பெயர் சொல்லியிருக்கிறார்கள், உண்மையை விசாரணையில் பார்க்கலாம் என்று இருந்தது. இது அடிக்கடி நடப்பது. டிஸ்சார்ஜ் செய்தால் காரணத்தை எழுத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சார்ஜ் போட அவ்வளவு விரிவாக எழுதத் தேவையில்லை. கட்டுக்கட்டாகக் கேஸ் கிடக்கும் கோர்ட்டில் எந்தப் பக்கம் சாய்வது சுலபம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த உத்தரவைச் சரிபார்க்கச் சொல்லி 90 நாளுக்குள் மேலே செஷன்ஸ் கோர்ட்டில் ரிவிஷன் போட்டோம். ரிவிஷன் போட்டதாலேயே கீழே கேஸ் நின்றுவிடாது, தடை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கினோம். செஷன்ஸ் நீதிபதி அந்த நோட்டின் பக்கங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஏ-3 விடுவிக்கப்பட்டார். ஏ-1, ஏ-2 மேல் விசாரணை தொடர்கிறது.

இதில் ஒரு விலையும் உண்டு, உங்கள் வக்கீலோடு பேச வேண்டியது அதைத்தான். டிஸ்சார்ஜ் மனு போட்டால் நம் வாதத்தை முன்கூட்டியே எதிர் தரப்புக்குக் கொடுக்கிறோம். ஓட்டையைப் பார்த்த போலீஸ் மேல்விசாரணை செய்து கூடுதல் சார்ஜ்ஷீட்டில் அதை அடைக்கப் பார்க்கலாம். சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மட்டும் மடக்கக்கூடிய விஷயத்தை நான் மனுவில் எழுதவே மாட்டேன். நம் ஆள் கேஸில் அப்படி ஒன்று இருந்தது. புகார்தாரர்களில் ஒருவருக்கு ஏ-1 உடன் இருந்த பழைய கடன் தகராறு. அதைத் தொடாமல் விட்டேன்.

உங்கள் தம்பியின் ஸ்டேட்மென்ட்டுக்கு வருவோம். முதலில் சார்ஜ்ஷீட்டில் போலீஸ் எந்தெந்தக் கணக்கின் விவரத்தை வாங்கியிருக்கிறது என்று பாருங்கள். அதில் தம்பிக்குப் பணம் போகவில்லை என்று தெரிந்தால் அதுவே போதும். விசாரணை அதிகாரி தம்பியின் கணக்கு விவரத்தையும் வாங்கி, சாதகமாக இருந்ததால் சேர்க்காமல் விட்டிருந்தால், அதை வரவழைக்கப் புதிய சன்ஹிதாவின் 94வது பிரிவில் கேட்கலாம். கர்நாடகத்திலிருந்து போன நித்யானந்தா வழக்கில் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தது: ஆவணம் சந்தேகத்துக்கு இடமில்லாத தரத்தில் இருக்க வேண்டும், அதிகாரி அதைச் சார்ஜ்ஷீட்டில் சேர்க்காமல் வைத்திருக்க வேண்டும். நீங்களே வங்கிக்குப் போய் வாங்கிய காகிதத்துக்கு இந்த வழி பொருந்தாது. அதைப் பத்திரமாக வையுங்கள், சார்ஜ் விழுந்தால் விசாரணையில் உதவும்.

சார்ஜ் விழும் நாளில் தம்பி நேரில் இருக்க வேண்டியிருக்கும். குற்றச்சாட்டைப் படித்து விளக்கி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். கன்னடத்தில் வேகமாகக் கேட்கும்போது புரியாமலே 'ஹௌது' என்று தலையாட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். தமிழில் சொல்லுங்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஒருமுறை சார்ஜ் விழுந்துவிட்டால் அதே கோர்ட்டில் டிஸ்சார்ஜ் கேட்க முடியாது. ரிவிஷனில் ஜெயித்தால் ஒழிய, முடிவு விடுதலையா தண்டனையா என்றுதான் வரும்.

டிஸ்சார்ஜ் கிடைத்தாலும் அது விடுதலைத் தீர்ப்பு ஆகாது. ஏ-1 மீதான விசாரணையில் புதிதாக உறுதியான சாட்சியம் வந்தால் திரும்ப இழுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, ஆனால் அதற்குக் கோர்ட் தனியாக விசாரித்தாக வேண்டும்.

இப்போதைக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் கேஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கட்டம் HBC என்று காட்டினால் சார்ஜுக்கு முந்தைய வாதத்துக்கு நிற்கிறது என்று அர்த்தம், இன்னும் நேரம் இருக்கிறது. நகல் கொடுத்த தேதியை ஆர்டர் ஷீட்டில் பார்த்து அங்கிருந்து 60 நாளை எண்ணுங்கள். வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த நாள் எப்போது முடிகிறது என்பதுதான்.