பெவாசிஸுமாப் ஏறும் காலத்தில் அலகு குத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்குப் பெருங்குடலில் வந்த புற்று ஈரலுக்கும் பரவியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கீமோவோடு பெவாசிஸுமாப் என்ற மருந்தையும் ஏற்றுகிறார்கள். கட்டிக்குப் போகும் இரத்தத்தைத் தடுக்கும் மருந்து என்றார்கள். அப்படியானால் கீமோ எதற்கு? பிரஷர் ஏன் ஏறுகிறது? தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பதாக அம்மா நேர்ந்திருக்கிறார். குத்தலாமா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அலகு இந்த ஆண்டு வேண்டாம். நேர்த்திக்கடனைக் குறைவாக எண்ணி இதைச் சொல்லவில்லை. அம்மாவின் உடலுக்குள் அந்த மருந்து செய்யும் வேலையே இதற்குக் காரணம்.

ஓர் உயிரணுவுக்கு வேண்டிய ஆக்சிஜன் இரத்தக் குழாயிலிருந்து ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தூரம்தான் ஊறிச் செல்லும். ஆகையால் தனக்கென்று குழாய்கள் இல்லாத கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாமல் நின்றுவிடும் என்று 1971இல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதினார். மூச்சுத் திணறும் புற்றணுக்கள் வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது பக்கத்திலுள்ள நுண்குழாய்களின் உட்சுவரைத் தட்டி எழுப்ப, அவை கட்டியை நோக்கிக் கிளைவிடுகின்றன. பெவாசிஸுமாப் அந்தப் புரதத்தை இரத்தத்திலேயே பிடித்துக் கட்டிவிடுகிறது. புற்றணுவை அது நேராகத் தொடுவதே இல்லை.

ஆனால் அந்தப் புரதம் புற்றுக்கு மட்டும் உரியது அன்று. நம் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்திருப்பதற்கு அதன் தூண்டுதல் வேண்டும். அது குறைந்தால் குழாய்கள் இறுகிப் பிரஷர் ஏறுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகளும் அதை நம்பியே இருப்பதால், அது இல்லாதபோது சிறுநீரில் புரதம் ஒழுகும். ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்த்து, சிறுநீரைச் சோதிப்பது இதற்காகத்தான். பிரஷரைப் பெரும்பாலும் மாத்திரையால் அடக்கிவிடலாம். ஆகவே அது ஏறுகிறதே என்று நீங்களாகச் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

காயம் ஆறுவதும் புதுக் குழாய்கள் முளைப்பதால்தான். கன்னத்திலோ நாக்கிலோ வேல் குத்திய இடம் மூட வேண்டுமானால், மருந்து தடுத்து வைத்திருக்கும் அதே புரதம் அங்கே வேலை செய்தாக வேண்டும். இந்த மருந்தால் இரத்தக் கசிவும் எளிதில் வரும். கீமோவால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் வாயில் ஆறாத புண் ஒன்று இருந்தால் கிருமி உள்ளே இறங்க அதுவே வாசல். தீமிதிக்கும் இதே பதில்தான்.

ஒரு தவணையை மட்டும் தள்ளிப்போட்டுவிட்டுக் குத்தலாமே என்று அம்மா கேட்கக்கூடும். கணக்கைப் பாருங்கள். இந்தப் புற்றுக்கு வழக்கமான ஓர் அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பதால், 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம் ஏறும். அதில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 20 நாள் ஆகும். ஒரே ஒரு தடவை ஏற்றியதாக வைத்துக்கொண்டாலும், 28 நாள் கழித்து 110 மில்லிகிராமுக்கு மேல் எஞ்சியிருக்கும். திட்டமிட்ட அறுவைக்குக் குறைந்தது 28 நாள் காத்திருக்கச் சொல்வதும், ஈரலில் வெட்டுவதற்குப் பலர் ஆறு வாரம் விடுவதும் இதனால்தான்.

கீமோ எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். பெருங்குடல் புற்றில் இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தால் பயன் மிகச் சிறிது. கட்டி அவசரத்தில் கட்டிக்கொண்ட குழாய்கள் கோணலும் ஒழுகலுமாக இருப்பதால், உள்ளே அழுத்தம் கூடிக் கீமோ மருந்து நன்றாக ஊடுருவுவதில்லை. பெவாசிஸுமாப் அவற்றுள் மோசமானவற்றை உதிர்த்து, மிஞ்சியதைச் சில காலம் சீராக்குவதால் கீமோ உள்ளே சேர்கிறது என்பது ராகேஷ் ஜெயின் என்ற ஆய்வாளர் முன்வைத்த விளக்கம். இரத்தத்தைத் தடுத்துக் கட்டியைப் பட்டினி போடுவது என்ற பேச்சு பாதி உண்மைதான் என்று நான் கருதுவது இதனால். புற்றும் சும்மா இருப்பதில்லை. வேறு புரதங்களைச் சுரந்தோ, ஈரலில் முன்பே உள்ள குழாய்களை ஒட்டிப் படர்ந்தோ வழி தேடிக்கொள்ளும். 2004இல் வெளியான பெரிய சோதனையில், கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.6 மாதம், இந்த மருந்தும் சேர்ந்தவர்களுக்கு 20.3 மாதம். அதன்பின் சிகிச்சைகள் மேம்பட்டிருக்கின்றன. ஆயினும் இந்த மருந்து தருவது கால நீட்டிப்பே என்பதை மனத்தில் வைத்திருங்கள்.

திடீரென்று கடும் வயிற்று வலி வந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். பேச்சுக் குழறினாலோ நெஞ்சு வலித்தாலோ குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். எதுவானாலும் அடுத்த தவணைவரை காத்திராமல் அந்த நேரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

காவடிக்கு வருவோம். தோலைத் துளைக்காத எளிய காவடியோ பால்குடமோ எடுக்கலாமா என்று அம்மாவின் மருத்துவரிடம் கேளுங்கள். அன்று பிரஷரும் வெள்ளை அணு எண்ணிக்கையும் நன்றாக இருந்தால், அவர் சம்மதிக்கும் தூரம்வரை அம்மா நடக்கட்டும். மீதி வழிக்கு நீங்கள் தோள் கொடுங்கள். அலகுக்கு நேர்ந்ததைப் பால்குடமாக மாற்ற முடியுமா என்பதைக் கோயில் குருக்களிடம் முன்கூட்டியே அம்மாவே பேசிவிடட்டும். அவர் வாயால் கேட்டால்தான் அம்மாவின் மனம் ஆறும்.