வாட் அளவு சரி, ஆனாலும் அதே ஸ்லாட் மீண்டும் எரிகிறது: கோரில் என்ன தேட வேண்டும்?

கேள்வி: எங்கள் 75 கிலோவாட் மோட்டார் எரிந்து ரீவைண்டிங் செய்தோம். சில மாதங்களில் அதே ஸ்லாட்டில் மறுபடி எரிந்தது. மெகர் சரி, நோலோட் கரண்ட் சரி, கோர் லாஸ் வாட்ஸும் சரி என்கிறார் கடைக்காரர். ஸ்டாம்பிங் ஷார்ட் என்பது இதுதானா?

பெரும்பாலும் அதுதான். கோராக அடுக்கிய மெல்லிய இரும்புத் தகடுகள்தான் ஸ்டாம்பிங், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் ஸ்டாம்பிங் ஷார்ட். கடைக்காரர் சொன்ன மூன்று அளவுகளும் உண்மையாகவே சரியாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த மூன்றுமே இந்தப் பழுதைப் பார்க்காதவை. மெகர், புதுக் காயிலுக்கும் பாடிக்கும் இடையே உள்ள இன்சுலேஷனைச் சொல்லும். நோலோட் கரண்ட் ஏர்கேப்பையும் சுற்று எண்ணிக்கையையும் சொல்லும். மொத்த வாட்ஸ், கோர் முழுதும் பொதுவாகக் கெட்டிருக்கிறதா என்று சொல்லும். இரண்டு ஸ்லாட்டுக்கு நடுவே நிற்கும் ஒரே ஒரு பல்லில் இருக்கும் கெடுதல் இவை எதிலும் தெரியாது.

காயில் ஸ்லாட்டுக்குள் எர்த் ஆகி எரியும்போது ஆர்க் செம்பை மட்டும் உருக்குவதில்லை. அந்த இடத்தில் ஸ்டாம்பிங் ஓரங்களும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எரிந்த காயிலை உளியால் நெம்பி எடுக்கும்போதும், பேரிங் போய் ரோட்டர் உரசும்போதும் இதே மாதிரி ஓரங்கள் இழுபட்டு ஒட்டும். ஆனால் பல்லில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பெரிய கரண்ட் ஓடாது, திரும்பி வர வழி வேண்டும். அந்த வழி கோரின் வெளிப்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டாம்பிங்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் வெல்டும் கிளீட்டும்தான் அது. பல்லில் ஓர் ஒட்டு, பின்னால் வெல்ட், நடுவே ஸ்லாட்டுக்குப் பின்னால் உள்ள இரும்பான பேக் அயர்னின் காந்தப்புலம் என்று ஒரு மூடிய வளையம் அமைந்துவிடுகிறது.

உங்கள் மோட்டார் அளவுள்ள ஒரு ஸ்டேட்டரை வைத்துக் கணக்குப் போடலாம். கோர் நீளம் 250 மிமீ, வெளிவிட்டம் 420, உள்விட்டம் 270, ஸ்லாட் ஆழம் 35 மிமீ. ஸ்லாட்டுக்குப் பின்னால் மிஞ்சும் இரும்பின் ஆழம் 40 மிமீ. ஸ்டாம்பிங் பூச்சுக்கு 5 சதவீதம் கழித்தால் இரும்பின் பரப்பு 0.0095 சதுர மீட்டர். கோரைச் சுற்றி கேபிள் சுற்றி, கோரை மட்டும் காந்தப்படுத்திப் பார்க்கும் சோதனையில் 1.3 டெஸ்லா காந்தப்புலம் வேண்டும் என்றால்:

```
V = 4.44 x f x B x A
  = 4.44 x 50 x 1.3 x 0.0095 = 2.74 V / turn
```

230 வோல்ட்டுக்கு 84 சுற்று. ரோட்டரை எடுத்துவிட்டு, 4 சதுர மிமீ கேபிளை உள்ளே விட்டு வெளியே எடுத்து 84 சுற்று சுற்றி, வேரியாக் வழியாகக் கொடுக்க வேண்டும். தனியாக ஒரே ஒரு சுற்று மெல்லிய வயர் போட்டு அதில் 2.74 வோல்ட் வருகிறதா என்று பார்த்தால் காந்தப்புலம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரும்புக் கம்பியோ சங்கிலியோ உள்ளே புகுந்து இரண்டு முனைப் பாடியையும் தொட்டுவிடக் கூடாது. அதுவும் ஒரு சுற்றாகிப் பெரிய கரண்டை இழுக்கும்.

இனி அந்தப் பழுதுக்கு வருவோம். பல்லில் 10 மிமீ நீளத்துக்கு ஒட்டியிருக்கிறது, அதாவது அரை மிமீ ஸ்டாம்பிங் சுமார் 20, என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 மிமீக்கு 2.74 வோல்ட் என்றால் 10 மிமீக்கு கிடைப்பது 0.11 வோல்ட்தான். ஆனால் வளையத்தின் ரெசிஸ்டன்ஸ் ஒரு மில்லிஓம் அளவில் இருந்தால் 110 ஆம்பியர் ஓடும். அது சுமார் 12 வாட். பட்டாணி அளவு இரும்புக்குள் 12 வாட் போனால் அந்த இடம் தகிக்கும். அதே நேரம், இந்தக் கோரின் பேக் அயர்ன் எடை 87 கிலோ, கிலோவுக்கு நாலரை வாட் வைத்தால் ஆரோக்கியமான கோரே 390 வாட் காட்டும். அதில் 12 வாட் என்பது 3 சதவீதம். வோல்டேஜ் சற்று ஏறி இறங்கினாலே மீட்டர் அந்த அளவு மாறிவிடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்த எண்ணில் உங்கள் பழுது ஒளிந்துகொண்டது.

வாட்ஸ் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓவனில் பழைய காயிலை எரிக்கும்போது கோரின் சூடு 370 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சாதாரண ஆர்கானிக் பூச்சு கெடத் தொடங்கும். அது கோர் முழுதும் நடக்கும், அப்போது வாட்ஸ்தான் சரியான அளவுகோல். காஸ் டார்ச்சில் எரித்த கோரில் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். எரிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே காந்தப்புலத்தில் சோதித்து, 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் கோரைச் சரிசெய்யாமல் கட்டக் கூடாது என்பது ஏஆர்100 என்ற அமெரிக்கத் தரநிலையின் வரம்பு. பழைய காயில் உள்ளே இருக்கும்போதே முதல் அளவை எடுக்கலாம். பேக் அயர்னைச் சுற்றி ஓடும் காந்தப்புலம் ஸ்லாட் காயிலை இணைக்காது.

ஹாட் ஸ்பாட்டுக்கு வேண்டியது வெப்பக் கேமரா, கூடவே பொறுமை. மேலே சொன்ன கோர் பத்து நிமிடத்தில் மொத்தமாக ஐந்தாறு டிகிரிதான் ஏறும், 32 டிகிரி ஷெட்டில் 38 ஆகும். ஒட்டிய பல் அதே நேரத்தில் 60ஐத் தாண்டி நிற்கும். முதல் பத்து நிமிடத்தில்தான் இந்த வித்தியாசம் கூர்மையாகத் தெரியும், அப்புறம் சூடு பக்கத்தில் பரவி விளிம்பு மங்கிவிடும். ஆழத்தில் உள்ள பழுது மட்டும் மெல்ல மேலே வரும், ஆகவே அரை மணி நேரமாவது ஓட விட வேண்டும். சுற்றியுள்ள இரும்பைவிட 10 டிகிரிக்கு மேல் சூடான இடம் எதுவானாலும் சாக்பீஸால் குறித்துவிடுவோம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கிரைண்டர் பட்டுப் பளபளக்கும் இரும்பைக் கேமரா குறைத்துக் காட்டும். ரோட்டர் உரசிய இடம் பளபளப்பாகத்தான் இருக்கும், சந்தேகப்பட வேண்டியதும் அந்த இடத்தைத்தான். அங்கே கறுப்பு வார்னிஷ் தொட்டு விட்டோ கறுப்பு டேப் ஒட்டியோ பார்த்தால் உண்மையான சூடு தெரியும். ஸ்லாட்டின் அடியில் இருக்கும் பழுதைக் கேமரா நேராகப் பார்க்காது. காயில் எடுத்த காலி ஸ்லாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் தெர்மோகப்பிளை அடிவரை விட்டுப் பார்க்க வேண்டும்.

குறித்த இடத்தில் உருகிய மணியைச் சின்ன ரோட்டரி பிட்டால் எடுக்கிறோம். ஸ்டாம்பிங் விளிம்பின் நீளவாக்கில் மட்டுமே ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டினால் இரும்பு இழுபட்டுப் புது ஒட்டு உருவாகும். பிறகு மெல்லிய கத்தியால் ஸ்டாம்பிங்குகளை விலக்கி, மைக்கா துண்டு செருகி, மெல்லிய வார்னிஷ் விட்டு உலர்த்தி, அதே 84 சுற்றில் மறுபடி சோதனை. பல் பக்கத்து இரும்பின் சூட்டுக்கு இறங்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பல் பாதி உருகிப் போயிருந்தாலோ, பழுது பல ஸ்லாட்டுக்குப் பரவியிருந்தாலோ மைக்கா தாங்காது. கோரைப் பிரித்து அந்த ஸ்டாம்பிங்குகளை மாற்ற வேண்டும், அல்லது புது ஸ்டேட்டர் வாங்க வேண்டும்.

உங்கள் மோட்டார் இப்போது கடையில் திறந்துதான் கிடக்கிறது என்றால், புதுக் காயில் போடும் முன் எரிந்த ஸ்லாட்டின் இரண்டு பக்கப் பற்களையும் வெப்பப் படமாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். எத்தனை சுற்று, எத்தனை வோல்ட், எத்தனை நிமிடம் என்று படத்தின் கீழே எழுதியிருக்க வேண்டும். வெறும் வாட்ஸ் எழுதிய தாளை வாங்கிக்கொண்டு காயில் கட்ட அனுமதி கொடுக்காதீர்கள்.