அமிலாய்டைக் கரைத்த பிறகும் அல்சைமர் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: "அம்மாவுக்கு அல்சைமர் என்கிறார்கள். இப்போது வீட்டுக்குள்ளேயே வழி தடுமாறுகிறார். மூளையில் படியும் அமிலாய்டைக் கரைக்கும் மருந்து வந்துவிட்டதாமே, பிறகு ஏன் குணமாவதில்லை?"

மதுரையில் நினைவுத்திறன் மதிப்பீடு செய்யும் உளவியலாளன் நான். இதே கேள்வியை மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வரும் குடும்பத்தினர் என்னிடம் கேட்பதுண்டு.

அமிலாய்டின் மீது விழுந்த சந்தேகம் வீணானதல்ல. அந்தப் புரதத்துக்குரிய மரபணு 21ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குரோமோசோம் ஒன்று கூடுதலாக உள்ள டவுன் நோய்க்குறியினருக்கு அல்சைமர் இளவயதிலேயே வந்துவிடுகிறது. ஆனால் படிவு தொடங்குவது மறதி தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே. மறதியோடு சேர்ந்து நடப்பது, நரம்பணுவுக்குள் முறுக்கிக்கொள்ளும் டௌ என்ற இன்னொரு புரதம். அது நினைவுப் பகுதியிலிருந்து மூளைப் புறணியெங்கும் பரவப் பரவ, ஆள் தடுமாறத் தொடங்குகிறார். அமிலாய்டு தூண்டிவிட, டௌ அழிக்கிறது என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். தூண்டியவரைப் பிடிப்பதற்குள் காரியம் கைமீறிவிடுகிறது.

2022இல் வெளியான, அமிலாய்டைக் கரைக்கும் லெக்கனெமாப் மருந்தின் ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. தொடக்க நிலையிலிருந்த சுமார் 1,800 பேரை 18 மாதம் கவனித்தார்கள். மருந்து பெற்றவர்களின் அமிலாய்டு, 'படிவு உண்டு' என்று கொள்ளும் அளவுக்கும் கீழே சராசரியாக இறங்கியது. ஆனால் நினைவு, திசையறிவு, முடிவெடுத்தல், வெளிவேலை, வீட்டுவேலை, தன்னைக் கவனித்தல் ஆகிய ஆறுக்குமாக 18 மதிப்பெண் கொண்ட அளவுகோலில் மதிப்பெண் கூடக் கூட நிலை மோசம் என்று பொருள்; அதில், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மருந்து பெற்றவர்கள் 1.66 சரிய, இவர்கள் 1.21 சரிந்தார்கள். வித்தியாசம் 0.45. விளக்குத்தூண் கடையில் சேலை எடுத்துவிட்டுச் சில்லறைக் கணக்கில் இலேசாகத் தடுமாறத் தொடங்கினாலே நாங்கள் அரை மதிப்பெண் போடுவோம். செய்தித்தாள்கள் இதையே '27 சதவீதம்' என்று எழுதின; எண் பொய்யல்ல, ஆனால் சரிவு மெதுவானதே தவிர நிற்கவில்லை.

முந்தைய ஆய்வுகள் சிலவற்றில் இன்னும் மோசமான குறை இருந்தது: படிவு உண்டா என்று ஸ்கேனில் உறுதி செய்யாமலேயே ஆள் சேர்த்ததால், அமிலாய்டே இல்லாதவர்களும் மருந்து வாங்கினார்கள்.

டௌவையே நேரடியாகத் தாக்கலாமே என்பீர்கள். தாக்கிப் பார்த்தார்கள். கோசுரனெமாப் என்ற எதிர்ப்பொருள், மூளைத் தண்டுவட நீரில் மிதந்த டௌ துண்டுகளை நன்றாகவே குறைத்தும் நோயாளிகளுக்குப் பயனில்லை. முறுக்கு இருப்பது அணுவுக்குள். எதிர்ப்பொருள் பெரும்பாலும் வெளியே நிற்கிறது. தவிர, அது பற்றிக்கொண்ட டௌவின் முனை, பரவுகிற துண்டில் இல்லாமலேயே இருக்கலாம்.

2023இல் டொனனெமாப் என்ற இன்னொரு அமிலாய்டு மருந்தின் ஆய்வு டௌ குறைவானவர்களையும் மிகுந்தவர்களையும் ஸ்கேனில் பிரித்துப் பார்த்தபோது, பலன் முதல் பிரிவினருக்கே தெளிவாகக் கிடைத்தது. வீட்டுக்குள்ளேயே வழி தடுமாறும் உங்கள் அம்மா, இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களின் நிலையைக் கடந்துவிட்டார் என்றே தோன்றுகிறது. லெக்கனெமாப் பெற்றவர்களில் எட்டில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. அதனால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இந்த மருந்துக்காகக் கடன் வாங்கும் யோசனை இருந்தால், அதற்கு முன் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.