ரெட்டினால் பூசி முகம் எரிகிறது

“வயது 34. முகச் சுருக்கத்துக்காக முதல்முறையாக 1% ரெட்டினால் வாங்கித் தினமும் இரவில் பூசினேன். ஐந்தாம் நாளே மூக்கோரம் தோல் உரிந்து எரிகிறது. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?”

ஒவ்வாமையாகத் தெரியவில்லை, அளவுதான் மிஞ்சிவிட்டது. முகம் வீங்கினாலோ கொப்புளம் வந்தாலோ மட்டும் கதை வேறு, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். எரிச்சல் முழுதும் அடங்கும்வரை மென்மையான ஃபேஸ்வாஷும் மாய்ஸ்சரைசரும் போதும். ஸ்க்ரப், அமிலச் சீரம் எதுவும் வேண்டாம்.

பிறகு 0.2 அல்லது 0.3 சதவீதத்தில், வாரம் இரண்டே இரவு தொடங்குங்கள். முகம் நன்றாகக் காய்ந்தபின் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு ரெட்டினால். மூக்கோரத்திலும் வாயோரத்திலும் முன்கூட்டியே வாசலின் தடவுங்கள். மருந்து தேங்கி உரிவது அங்கேதான். மூன்று வாரம் எரியாமல் போனால் ஒன்றுவிட்டு ஒரு இரவு. 1 சதவீதத்துக்கு அவசரமே இல்லை. சுருக்கத்தில் மாற்றம் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

ரெட்டினால் பூசாத நாளிலும் காலையில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு. வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூசுங்கள். கருவுற்றிருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ ரெட்டினாலைத் தொடவே வேண்டாம்.