சீஸ் சாப்பிட்டதற்கு மாத்திரை வேண்டாம், தெர்மாமீட்டர் போதும்

"டாக்டர், எனக்கு இது 26-வது வாரம். பத்து நாளுக்கு முன்னால் தோழியின் பிறந்தநாளுக்கு ஒரு கஃபேயில் ஃபெட்டா சீஸ் போட்ட சாலட் சாப்பிட்டேன். வீட்டில் முந்தின நாள் சாம்பாரை லேசாகச் சூடு பண்ணிச் சாப்பிடுகிற பழக்கமும் உண்டு. போன வாரம் பழுத்த பப்பாளி இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டேன். இன்டர்நெட்டில் லிஸ்டீரியா பற்றிப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. இப்போது எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டதற்கு, 'பயமாக இருந்தால் ஐந்து நாள் போடுங்கள்' என்று செஃபிக்ஸிம் 200 கொடுத்தார்கள். போடலாமா? ஏதாவது டெஸ்ட் எடுக்க வேண்டுமா?"
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்)

போடாதீர்கள் அம்மா. ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் இத்தோடு நிறுத்திவிடுங்கள். செஃபிக்ஸிம், செஃபலோஸ்போரின் என்ற குடும்பத்து மருந்து. பாக்டீரியா தன் சுவரைக் கட்டிக்கொள்ள உதவும் புரதங்களில் போய் ஒட்டிக்கொண்டுதான் இந்த மருந்துகள் அதைக் கொல்கின்றன. லிஸ்டீரியாவிடம் இருக்கும் புரதங்களில் இவை சரியாக ஒட்டுவதே இல்லை. எந்தக் கிருமியை நினைத்துத் தூக்கம் தொலைத்தீர்களோ, அந்தக் கிருமியை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. கர்ப்பிணி என்று தெரிந்தும், சீட்டு இல்லாமல், காய்ச்சலும் இல்லாத ஒருவருக்கு ஆன்டிபயாட்டிக்கை எடுத்து நீட்டுவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. அதனால் வரும் கெடுதல் என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

டெஸ்டும் வேண்டாம். தொந்தரவு இல்லாதபோது ரத்தத்தை எடுத்துக் கல்ச்சர் செய்தால் எதுவும் தெரியப்போவதில்லை. மலத்தைப் பரிசோதித்தால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த நோயும் இல்லாதவர்கள் குடலிலும் இந்தக் கிருமி சில நாள் தங்கிவிட்டுப் போவது உண்டு. பப்பாளியை மறந்துவிடுங்கள், நன்றாகப் பழுத்த பப்பாளி இரண்டு துண்டு யாரையும் ஒன்றும் செய்யாது.

சரி, உங்கள் கடிதத்துக்குள் ஒளிந்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். 'என் குழந்தைக்கு நானே கெடுதல் செய்துவிட்டேனா?' என்பதுதானே அது? செய்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. கடைகளுக்கு வரும் ஃபெட்டாவில் பெரும்பாலானது பாஸ்டரைஸ் செய்த பாலில் தயாரானது. லிஸ்டீரியா நோயே அபூர்வமானது. மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு வரும் வாய்ப்பு சுமார் பத்து மடங்கு அதிகம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் மிகச் சிறிய ஒரு எண்ணின் பத்து மடங்கு அது. அந்தக் கிருமி வயிற்றுக்குள் போயிருந்தாலும், குடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்தால்தான் நஞ்சுக்கொடிக்குப் போய்ச் சேரும். அப்படிக் கலந்தால் பெரும்பாலும் உடம்பு ஒரு குறி காட்டும். அந்தக் குறி காய்ச்சல்.

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காய்ச்சல் பயங்கரமாக வராது. உடம்பு வலி, முதுகு வலி, அசதி, சாதாரண ஃப்ளூ மாதிரிதான் இருக்கும். சிலருக்கு லேசாக வயிற்றுப்போக்கு இருக்கும், பலருக்கு அதுவும் இருக்காது. தாய் இரண்டு மூன்று நாளில் தேறிக்கூட விடுவாள். உள்ளே இருக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து: கரு கலையலாம், நாளுக்கு முன்பே பிரசவ வலி வரலாம், பிறந்த குழந்தைக்கு ரத்தத்தில் தொற்றோ மூளைக்காய்ச்சலோ வரலாம். அம்மாவின் காய்ச்சல் சின்னதாக இருப்பதால்தான் இதைக் கோட்டை விடுகிறோம்.

சாப்பிட்ட மறுநாளே வர வேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலும் சில வாரங்களில் வரும், அதிகபட்சம் 70 நாள் வரை ஆகலாம். உங்களுக்குப் பத்து நாள் கழிந்துவிட்டது. மீதி 60 நாள் என்றால், கிட்டத்தட்ட 35-வது வாரம் வரை. அதுவரை தினமும் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. உடம்பு கதகதவென்று இருந்தாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே அளந்து பாருங்கள். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பாரசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் அளந்த பிறகு போடுங்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். குழந்தை அசைவு குறைந்தாலோ, வயிறு இறுகி இறுகி விட்டாலோ காய்ச்சலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் முதலில் டெங்கு, டைபாய்டு, சிறுநீர்த் தொற்று என்றுதான் பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும், நம் ஊரில் கர்ப்பிணியின் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் அவைதான் காரணம். நீங்கள் 'இன்ன தேதியில் சமைக்காத சீஸ் சாலட் சாப்பிட்டேன், லிஸ்டீரியா இருக்குமா என்று பாருங்கள்' என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். ஆன்டிபயாட்டிக் ஏறுவதற்கு முன்னால் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். லேபுக்குப் போகும் சீட்டிலும் அந்தச் சந்தேகத்தை எழுதச் சொல்லுங்கள். மைக்ராஸ்கோப்பில் லிஸ்டீரியா, தோலில் சாதாரணமாக இருக்கும் ஒரு கிருமியைப் போலவே சின்னக் குச்சிகளாகத் தெரியும். 'தோலிலிருந்து கலந்தது' என்று ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. லிஸ்டீரியா என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஆம்பிசிலினை நரம்பு வழியாக ஏற்றத் தொடங்குவார்கள். பழைய மருந்து, விலை குறைவு, கர்ப்பத்தில் பாதுகாப்பானது. நேரத்தில் ஏறினால் குழந்தையையும் காப்பாற்றும். பென்சிலின் அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து இருக்கிறது.

மாத்திரையால் வரும் கெடுதலுக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் என்னிடம் 31 வாரத்தில் ஒரு பெண் வந்தார். மூன்று நாள் காய்ச்சல், கடையில் வாங்கிய செஃபிக்ஸிம் ஓடிக்கொண்டிருந்தது. 'ஆன்டிபயாட்டிக்தான் போகிறதே' என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். நான்காம் நாள் குழந்தை அசைவு குறைந்து, பனிக்குடம் உடைந்து, நீர் பச்சையாக வந்தது. நிறை மாதத்தில் பனிநீர் பச்சையாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம். 31 வாரத்தில் அப்படி வந்தால் லிஸ்டீரியாவை நினைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நினைத்தோம். ஆம்பிசிலின் ஏற்றி, உடனே ஆபரேஷன் செய்தோம். குழந்தையின் ரத்தத்தில் லிஸ்டீரியா வளர்ந்தது. மூன்று வாரம் இன்குபேட்டரில் கிடந்து பிழைத்தான். முதல் நாளே வந்திருந்தால் அவன் அம்மா வயிற்றிலேயே இன்னும் சில வாரம் இருந்திருப்பான். அந்த மூன்று நாளைத் தின்றது அந்த மாத்திரை கொடுத்த நிம்மதி.

இனி சமையலறை. லிஸ்டீரியாவை மற்ற கிருமிகளிடமிருந்து பிரித்துக் காட்டுவது ஒன்றுதான்: அது ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும். ஃப்ரீசரில் வைத்தால் வளராது, ஆனால் சாகவும் சாகாது. உணவு வழியாகத்தான் இது பரவுகிறது என்பதே 1981-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் வந்த ஒரு தொற்றில்தான் உறுதியானது. 41 பேர், அவர்களில் 34 பேர் கர்ப்பிணிகளும் பிறந்த குழந்தைகளும். காரணம் முட்டைக்கோஸ். ஆட்டு எருவைப் போட்டு வளர்த்த கோஸ். அந்தப் பண்ணையில் ஆடுகள் இதே நோயில் செத்திருந்தன. அறுவடை செய்த கோஸைக் குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்த கிடங்கில் வைத்திருந்தார்கள். குளிரில் மற்ற கிருமிகள் அடங்கிக் கிடக்க, லிஸ்டீரியா மட்டும் வளர்ந்தது. கடைசியில் அந்தக் கோஸ் பச்சையாக நறுக்கிய சாலடாக மேசைக்கு வந்தது. சூடே படவில்லை. நான்கு வருடம் கழித்து, 1985-இல், கலிஃபோர்னியாவில் மெக்சிகோ பாணி மென்மையான சீஸ் ஒன்றால் 142 பேருக்கு வந்தது. பாஸ்டரைஸ் ஆகாத பால் அதில் கலந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஆக, குளிரில் பல நாள் இருந்து, சூடு படாமல் வாய்க்குப் போவதுதான் சந்தேகத்துக்குரியது. இதை வைத்து உங்கள் வீட்டை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முந்தின நாள் சாம்பார் சாப்பிடுங்கள், ஆனால் 'லேசாக' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஓரத்தில் மட்டும் குமிழி வந்து நடுவில் குளிர்ந்திருக்கும் சாம்பார் சூடான சாம்பார் ஆகாது. கரண்டியால் அடிவரை கிளறி, முழுப் பாத்திரமும் தளதளவென்று கொதிக்க வேண்டும். 75 டிகிரி செல்சியஸ் வந்தாலே லிஸ்டீரியா செத்துவிடும், கொதி நிலை அதற்கும் மேல். வேண்டிய அளவை மட்டும் தனியாக எடுத்துக் கொதிக்க வையுங்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். மைக்ரோவேவில் சூடு பண்ணினால் பாதியில் நிறுத்திக் கிளறிவிடுங்கள், அது திட்டுத் திட்டாகத்தான் சூடாக்கும்.

பீட்சா மேல் உருகிக் கொதிக்கும் சீஸ், க்யூபாகவும் ஸ்லைஸாகவும் விற்கும் பதப்படுத்திய சீஸ், செடார் மாதிரி கெட்டிச் சீஸ், காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய தயிர், இவற்றைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஃபெட்டா, பிரீ, கேமம்பெர்ட் போன்ற மென்மையான சீஸில் ஈரம் அதிகம், அதில் கிருமி பிழைத்துக் கிடக்கும். அட்டையில் 'பாஸ்டரைஸ் செய்த பால்' என்று பார்க்க முடியாத இடத்தில், கஃபே சாலட் போல, பிரசவம் வரை அதைத் தவிர்த்துவிடுங்கள். பனீர் கொதிக்கும் பாலைத் திரித்துச் செய்வது, செய்யும்போது கிருமி இருக்காது. அப்புறம் வெட்டும் பலகை, கத்தி, கடையில் மிதக்கவிட்ட தண்ணீர் வழியாக வரலாம். அதனால் பச்சையாக வாயில் போடாமல் குழம்பில் போட்டுக் கொதிக்க வையுங்கள். கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம், யார் சத்து என்று சொன்னாலும் வேண்டாம்.

ஒன்றே ஒன்று பலரும் யோசிக்காதது, முலாம்பழம். தோல் சொரசொரப்பாக இருப்பதால் அதில் மண்ணும் கிருமியும் ஒட்டிக்கொள்ளும். கத்தி தோலைக் கடக்கும்போது உள்ளே இறங்கும். 2011-இல் அமெரிக்காவில் இதே பழத்தால் பலர் இறந்தார்கள். வெட்டுவதற்கு முன் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், வெட்டியதை அன்றே சாப்பிட்டுவிடுங்கள், கடையில் வெட்டி டப்பாவில் அடைத்து வைத்திருப்பதை வாங்காதீர்கள்.

அந்த மாத்திரையை அடுத்த செக்கப்புக்குப் போகும்போது உங்கள் டாக்டரிடம் காட்டி, யார் எதற்குக் கொடுத்தார்கள் என்றும் சொல்லுங்கள்.